சமையலறைப் படத்தில் கேபினட்டையும் மேடைக்கல்லையும் மட்டும் மாற்றுவது எப்படி?

கைவிரல் அகலச் சாம்பிள் துண்டை வைத்துக்கொண்டு, "இந்தப் பச்சை நம்ம அடுப்படிக்கு எடுக்குமா?" என்ற கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. இருக்கிற சமையலறையைப் படமெடுத்து, அதில் கேபினட்டின் நிறத்தையும் மேடைக்கல்லையும் மட்டும் மாற்றிப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும். ஆனால் அந்தப் படம் நம்பும்படி இருக்க வேண்டும். நிறம் சரியாக வந்தும் கதவு சுண்ணாம்பு அடித்த பலகை மாதிரித் தெரிந்தால், அல்லது கிரைண்டர் மேடையில் ஒட்டாமல் மிதந்தால், வீட்டுக்காரர் தவறான முடிவுக்கு வருவார்.

இங்கே எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு சிங்கப்பூரில் ஏராளமாகக் காணக்கூடிய ஒன்று. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய நாலறை வீடு. ஒரே சுவரை ஒட்டி 2.4 மீட்டர் நீளத்துக்குச் சமையல் மேடை. இடது ஓரத்தில் துணி காயப்போடும் பின்கட்டு, அங்கிருந்து ஜன்னல் வெளிச்சம். பளபளப்பான க்ரீம் நிறக் கதவுகள், கறுப்பு கேலக்ஸி கிரானைட் மேடை, வெள்ளைச் சுவர் ஓடுகள். மேடையில் கறுப்புக் கண்ணாடி அடுப்பு, டேபிள்டாப் கிரைண்டர், எவர்சில்வர் கெட்டில். மேலே எவர்சில்வர் ஹூட். க்ரீம் கதவை அடர் பச்சையாகவும், கறுப்புக் கல்லைச் சாம்பல் ரேகை ஓடும் வெள்ளைக் குவார்ட்ஸாகவும் மாற்ற வேண்டும். வேறு எதுவும் அசையக்கூடாது. போட்டோஷாப்பில் செய்யும் முறை இது. லேயர், மாஸ்க், பிளெண்ட் மோட் உள்ள வேறு மென்பொருளிலும் இதே வழி செல்லும்.

ஒரு பரப்பில் இரண்டு வெளிச்சம்

பளபளப்பான கதவிலிருந்து கேமராவுக்கு வரும் ஒளியில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று, பரப்பின் சொந்த நிறம். விழுந்த வெளிச்சம் அந்த நிறத்தால் பெருக்கப்பட்டு வெளியே வருகிறது. கதவின் நிறத்தை மாற்றினால் இந்தப் பங்கு மாறும். மற்றொன்று, மேல்பூச்சிலிருந்து கண்ணாடி போலத் திரும்பும் பிரதிபலிப்பு. இது நிறத்தைத் தொடாமலே வந்து மேலே கூடுகிறது. நேராகப் பார்த்தால் எதிரே இருப்பதில் சுமார் 4% திரும்பி வரும். பார்வை சாயச் சாய இது ஏறும். 60 பாகை சாய்வில் ஏறக்குறைய 9%, 75 பாகையில் 25%. கதவு க்ரீமோ பச்சையோ, இந்தக் கணக்கு மாறாது.

இதன் விளைவை எண்களில் பார்க்கலாம். 0 கறுப்பு, 255 வெள்ளை என்ற அளவுகோலில் கதவு 215 என்ற அளவில் இருக்கிறது. வெள்ளைச் சுவர் ஒன்று அதில் 4% அளவுக்குப் பிரதிபலிக்கிறது. 215 என்பது 221 ஆகும். ஆறு படி வித்தியாசம் கண்ணுக்குப் படவே படாது. அதே பிரதிபலிப்பு 60 என்ற அளவிலுள்ள அடர் பச்சைக் கதவில் விழுந்தால், 60 என்பது 82 ஆகும்; படத்தின் எண்கள் ஒளியோடு நேர்விகிதமாக ஏறாமல், இருட்டுப் பக்கம் வேகமாக ஏறுபவை. அது பளிச்சென்று தெரியும். வெளிர் பரப்பில் நிழல் தெரியும், பிரதிபலிப்பு ஒளிந்துகொள்ளும். கறுத்த பரப்பில் பிரதிபலிப்பு தெரியும், நிழல் ஒளிந்துகொள்ளும்.

நம் எடுத்துக்காட்டில் இரண்டு திசையும் இருக்கிறது. கதவு வெளிரிலிருந்து இருட்டுக்குப் போகிறது. அதற்குப் பிரதிபலிப்பைத் தேடி எடுத்துக் கொடுக்க வேண்டும். மேடை இருட்டிலிருந்து வெளிருக்குப் போகிறது. அதற்கு நிழலைத் தேடிக் கொடுக்க வேண்டும். Hue/Saturation ஸ்லைடரை மட்டும் தள்ளி முடித்த படங்கள் ஏன் பொய்யாகத் தெரிகின்றன என்பதற்குக் காரணம் இதுதான். அந்த ஸ்லைடருக்கு இரண்டு பங்கையும் பிரிக்கத் தெரியாது.

படமெடுக்கும்போதே பாதி வேலை

ட்ரைபாட் கட்டாயம். கேமராவை மேடைக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 1.4 மீட்டர் உயரத்தில், செங்குத்துக் கோடுகள் சாயாதபடி மட்டமாக வையுங்கள். RAW கோப்பாக எடுங்கள். ஏன் என்பது கீழே வரும். ஃபோகஸ், எக்ஸ்போஷர், வெள்ளைச் சமநிலை மூன்றையும் கையால் பூட்டிவிடுங்கள். விளக்குகள் எப்போதும் எரிவதுபோலவே எரியட்டும்.

இரண்டு படம் வேண்டும். முதலாவது, சமையலறை இருக்கிறபடி. இரண்டாவது, எதையும் நகர்த்தாமல் வெள்ளை ஏ4 தாள்களை வைத்து எடுப்பது: மேடையில் ஜன்னலோரம் ஒன்று, நடுவில் ஒன்று, குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் ஒன்று; கதவுகளில் இரண்டு இடத்தில் டேப் போட்டு ஒட்டியது. ஜன்னலோரத் தாள் 240 அளவுக்கு வரும்படி எக்ஸ்போஷர் இருந்தால் போதும். இந்தத் தாள்களே பின்னால் வெளிச்ச அளவுகோலாகவும், 297 × 210 மில்லிமீட்டர் என்ற நீள அளவுகோலாகவும் உதவும். நம்மூரில் மேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். ஆகவே தாள்களைத் தயாராகக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு படத்தையும் ஒட்டி ஒட்டி எடுத்துவிட வேண்டும். இடையில் வெயில் மாறிவிட்டால் இரண்டையும் திரும்ப எடுப்பதே நல்லது.

அதே இடத்தில், அதே வெளிச்சத்தில், லேமினேட் சாம்பிளையும் ஒரு தாளோடு சேர்த்துப் படமெடுங்கள். தாள் 240 காட்டும்போது சாம்பிள் சிவப்பு, பச்சை, நீலத்தில் 44, 70, 58 என்று காட்டினால், ஒவ்வொன்றையும் 240-ஆல் வகுத்து 255-ஆல் பெருக்குங்கள். 47, 74, 62 வரும், அதாவது #2F4A3E. கடையின் இணையப் பக்கத்திலுள்ள படத்திலிருந்து நிறத்தை எடுக்க வேண்டாம். அந்தப் படம் எந்த விளக்கில் எடுக்கப்பட்டது என்று நமக்குத் தெரியாது.

வெட்டுக்கோடு

RAW கோப்பில் லென்ஸ் திருத்தத்தையும் நிறக்கசிவு நீக்கத்தையும் முடித்து, 16 பிட்டில் திறந்துகொள்ளுங்கள். அடியிலுள்ள மூலப் படத்தைப் பூட்டிவிடுங்கள். இனி அதில் ஒரு புள்ளிகூட மாறக்கூடாது. சமையலறைக் கருவிகளின் வடிவம் காப்பாற்றப்படுவது இந்த ஒரு பழக்கத்தால்தான்: எல்லா மாற்றமும் மேலே வரும் லேயர்களில், மாஸ்குக்குள் மட்டும்.

தானாகத் தேர்ந்தெடுக்கும் டூல்கள் வெள்ளை ஓட்டுக்கும் க்ரீம் கதவுக்கும் நடுவில் தடுமாறும். கேபினட் எல்லாம் நேர்கோடு என்பதால் பென் டூலில் கையாலேயே கோடு போடுவது வேகமானது. நான்கு கோடுகளைத் தனித்தனியாகச் சேமியுங்கள்: கேபினட் கதவுகள், மேடையின் மேல்பரப்பு, மேடையின் முன்விளிம்பு, கருவிகள். கருவிகள் கோட்டில் அடுப்பு, ஹூட், கிரைண்டர், கெட்டில், குழாய், கதவுக் கைப்பிடிகள் எல்லாம் வரும். முதல் மூன்று மாஸ்கிலிருந்தும் நான்காவதைக் கழித்துவிடுங்கள். கெட்டிலின் கைப்பிடி வளையத்துக்குள் தெரியும் மேடைத் துண்டை மறந்துவிடாதீர்கள். மாற்றியபின் அங்கே மட்டும் கறுப்பு நின்று காட்டிக்கொடுக்கும்.

மாஸ்கின் ஓரம் எவ்வளவு மென்மையாக இருக்க வேண்டும் என்பதைப் படமே சொல்லும். 400% பெரிதாக்கி, கதவு முடிந்து சுவர் தொடங்கும் இடத்தில் நிறம் எத்தனை புள்ளியில் மாறுகிறது என்று எண்ணுங்கள். பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று. மாஸ்கின் Feather 0.5 முதல் 1 வரை வைத்தால் அதற்குப் பொருந்தும். கதவு இருட்டாகப் போவதால், ஓரத்தில் பழைய க்ரீம் நிறம் நூல்போல மிஞ்சலாம். அப்போது அந்த மாஸ்கில் Filter > Other > Maximum, 1 புள்ளி கொடுத்தால் மாஸ்க் சற்று விரியும். சுவரோரத்தில் இதைத் தாராளமாகச் செய்யலாம். ஹூடின் விளிம்பை ஒட்டி மட்டும் செய்யாதீர்கள். எவர்சில்வரின் மெல்லிய வெள்ளைக் கோடு பச்சையாகி, ஹூடே ஒரு சுற்று இளைத்ததுபோலத் தெரியும்.

கதவு: முதலில் வெள்ளையாக்கி, பிறகு பச்சை

க்ரீம் மேல் நேரடியாகப் பச்சையைப் பெருக்கினால் மஞ்சள் சாயல் உள்ளே கலந்துவிடும். அதனால் கதவை முதலில் வெள்ளைக் கதவாக மாற்ற வேண்டும். ஜன்னலோரக் கதவு 226, 214, 190 என்றும், அதில் ஒட்டிய தாள் மூன்று வண்ணத்திலும் 238 என்றும் காட்டுகிறது என்று கொள்வோம். கேபினட் மாஸ்க் போட்ட ஒரு Curves லேயரில், சிவப்பில் 226-ஐ 238-க்கும், பச்சையில் 214-ஐ 238-க்கும், நீலத்தில் 190-ஐ 238-க்கும் உயர்த்துங்கள். இரண்டாவது தாள் ஒட்டிய கதவிலும் எண் ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒத்துப்போனால் மஞ்சள் விளக்கின் வெதுவெதுப்பும் ஜன்னலின் நீலமும் அப்படியே இருக்க, க்ரீம் மட்டும் போயிருக்கும். இதற்குப் பதில் Black & White போட்டு நிறத்தை மொத்தமாக உருவினால், அந்த வெளிச்ச வேறுபாடும் செத்துவிடும்.

அதன் மேல் #2F4A3E நிறத்தில் Solid Color லேயர், மோட் Multiply, அதே மாஸ்க். கதவுகளின் இடைவெளி, கைப்பிடியின் கீழே விழும் நிழல், ஜன்னலிலிருந்து தள்ளிப்போகப் போக மங்குவது எல்லாம் பச்சைக்குள் வந்துவிடும்.

இந்த இடத்தில் படம் பார்ப்பதற்கு மோசமாக இருக்கும். கரும்பலகைபோல உயிரில்லாமல் கிடக்கும். பதறி நிறத்தைத் தூக்காதீர்கள், நிறம் சரிதான். ஜன்னலின் பளபளப்பையும் Multiply சேர்த்து அமுக்கிவிட்டது, அவ்வளவுதான். அதைத் திரும்பக் கொடுக்க வேண்டும்.

மூலப் படத்தை நகலெடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். கேபினட் மாஸ்க் போட்டு, நிறத்தை நீக்கி, Levels-இல் கறுப்பு முனையை வெறும் கதவின் அளவுக்குக் கொண்டுவாருங்கள். நம் கதவின் சாம்பல் அளவு 215. அந்த எண்ணில் வெறும் கதவு முழுக்கக் கறுப்பாகி, ஜன்னலின் பட்டையும் விளக்கின் கோடும் மட்டும் மிஞ்சும். வெளியீட்டின் வெள்ளை முனையை 255-லிருந்து 150-க்குக் குறையுங்கள். 215-லிருந்து 255 வரை உண்மையில் கூடியிருக்கும் ஒளியின் அளவு ஏறத்தாழ அவ்வளவுதான். பிறகு மோடை Screen ஆக்குங்கள். Screen இருட்டுப் பரப்பில் சற்று அதிகமாகவே கூட்டும். அதனால் Opacity-யை 50%-க்கும் 80%-க்கும் இடையில் வையுங்கள். மங்கலான பிரதிபலிப்பு நிறைய இருந்தால் 50 பக்கம், கூர்மையான ஜன்னல் பட்டைதான் முக்கியம் என்றால் 80 பக்கம்.

கதவுகள் ஜன்னலிலிருந்து தள்ளிப்போகப் போக மங்குவதால், ஒரே எண் எல்லாவற்றுக்கும் செல்லாது. ஜன்னலோரக் கதவுக்கு 215 என்றால், குளிர்பெட்டிப் பக்கத்துக் கதவுக்கு 180 ஆக இருக்கலாம். கதவுக்கு ஒரு Levels வைத்துச் செய்யுங்கள். மொத்தம் ஆறு கதவு, கால் மணி நேர வேலை. RAW வேண்டும் என்று சொன்னதன் காரணமும் இங்கேதான். 8 பிட் ஜேபெக் கோப்பில் 215-க்கும் 255-க்கும் நடுவில் நாற்பது படிதான் உண்டு. அதை இழுத்து விரித்தால் ஜன்னலின் பட்டை படிக்கட்டுபோலத் துண்டுதுண்டாகத் தெரியும். கைபேசிப் படம் மட்டுமே இருக்கிறது என்றால், அந்த லேயருக்கு 2 அல்லது 3 புள்ளி Gaussian Blur கொடுத்து, லேசாக Noise சேர்த்துச் சமாளிக்கலாம். முழுத் தரம் வராது.

வாங்கப்போவது மேட் லேமினேட் என்றால் இந்தப் பிரதிபலிப்பு லேயரை அழிக்காதீர்கள். 40 புள்ளி அளவில் Gaussian Blur போட்டு மங்கலாக்குங்கள். மேட் பரப்பும் ஒளியைத் திருப்பும், பரத்தித் திருப்பும்.

மேடை: கறுப்புக் கல் தரும் பரிசு

மேடையில் கணக்கு தலைகீழ். பாலிஷ் செய்த கறுப்புக் கிரானைட்டுக்குச் சொந்த வெளிச்சம் என்று பெரிதாக எதுவும் இல்லை. படத்தில் அதன் மேல் நாம் பார்ப்பதெல்லாம் ஓடு, ஜன்னல், கெட்டிலின் பிரதிபலிப்புகள். ஆக, பிரதிபலிப்பு லேயர் இலவசமாகக் கையில் இருக்கிறது. இல்லாதது வெளிச்சமும் நிழலும்.

முதலில் வெளிச்சம். இரண்டாவது படத்தில் மேடைத் தாள்கள் மூன்றும் என்ன காட்டுகின்றன என்று பாருங்கள். 240, 205, 170 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். மேடையின் மேல்பரப்பு மாஸ்குக்குள், இடமிருந்து வலமாக அந்த மூன்று சாம்பல் அளவும் வரும்படி ஒரு Gradient இடுங்கள். இதுதான் வெள்ளை மேடை இருந்திருந்தால் விழுந்திருக்கும் வெளிச்சம். தாள் வைத்துப் படமெடுக்க வாய்ப்பில்லாமல் போனால், மேடைமேல் கிடக்கும் வெள்ளைத் தட்டையோ பாத்திரம் துடைக்கும் துணியையோ அளவாகக் கொள்ளலாம். சுவர் ஓட்டைக் கொள்ளாதீர்கள். நிமிர்ந்து நிற்கும் பரப்பில் விழும் வெளிச்சமும் படுத்திருக்கும் பரப்பில் விழும் வெளிச்சமும் ஒன்றல்ல.

அடுத்து கல். குவார்ட்ஸ் முழுப் பலகையின் படத்தைக் கடையில் கேட்டு வாங்குங்கள். கைப்பிடிச் சாம்பிளின் படத்தை ஒட்டி ஒட்டி நீட்டினால் ஒரே ரேகை நான்கு முறை வந்து நிற்கும். பலகை 3.2 மீட்டர் நீளம் என்றால், படம் 6,400 புள்ளி அகலம் இருக்கட்டும். அப்போது ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு புள்ளி. அதிலிருந்து நம் மேடையின் அளவை, 2,400 × 600 மில்லிமீட்டரை, அதாவது 4,800 × 1,200 புள்ளியை மட்டும் வெட்டி எடுங்கள். முழுப் பலகையையும் சுருக்கி மேடைக்குள் அடைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. அரையடிக்கு ஒரு முறை வர வேண்டிய ரேகை தலைமுடிபோல நெருங்கிவிடும். கல் வந்து இறங்கியபின், "படத்தில் இப்படி இல்லையே" என்ற பேச்சு அதில்தான் தொடங்கும்.

வெட்டிய துண்டை Smart Object ஆக்கி, Edit > Transform > Distort கொடுத்து, நான்கு மூலையையும் மேடையின் நான்கு மூலையில் பொருத்துங்கள். பின்பக்க மூலை ஒன்று கிரைண்டருக்குப் பின்னால் மறைந்திருக்கும். ஓட்டின் அடிக்கோட்டை ஒரு கோடாக நீட்டினால், அது மேடையின் பக்க விளிம்பைச் சந்திக்கும் இடம் அந்த மூலை. சரியாகப் பொருந்தியதா என்று பார்க்க ஏ4 தாள் படத்தை அரைத் தெளிவில் மேலே வையுங்கள். கல் துண்டில் 594 × 420 புள்ளிக்கு ஒரு கட்டம் வரைந்திருந்தால், வளைத்தபின் அது தாளோடு ஒட்டி நிற்க வேண்டும். நின்றால் அளவு சரி, கட்டத்தை அழித்துவிடலாம். கல் லேயரின் மோட் Multiply, வெளிச்ச Gradient-க்கு மேலே. படத்தின் கூர்மையைவிடக் கல்லின் கூர்மை அதிகமாக இருந்தால், 0.6 முதல் 1 புள்ளி வரை Blur கொடுத்து மூலப் படத்திலுள்ள அளவுக்கு Noise சேருங்கள்.

முன்விளிம்பைத் தனித் துண்டாகச் செய்யுங்கள். அதில் மேலிருந்து விழும் வெளிச்சம் குறைவு, ஆகவே மேல்பரப்பைவிடச் சற்று இருட்டாக வேண்டும். மேல்பரப்பின் ரேகை எந்த இடத்தில் விளிம்பைத் தொடுகிறதோ, அங்கிருந்தே கீழே இறங்க வேண்டும். பாத்திரம் கழுவும் தொட்டி கல்லுக்கு அடியில் பொருத்தப்பட்டிருந்தால், வெட்டுவாயில் 20 மில்லிமீட்டர் கல் கனமும் தெரியும். அந்தக் கறுப்பு வளையத்தையும் மாற்றியாக வேண்டும்.

இனி இலவசப் பரிசு. மூல மேடையை நகலெடுத்து மேலே வைத்து, கேலக்ஸி கல்லுக்குரிய செம்பொன் புள்ளிகளை Filter > Noise > Dust & Scratches, ஆரம் 4 கொண்டு நீக்குங்கள். Levels-இல் கல்லின் கறுப்பை முழுக் கறுப்பாக்கி, மோடை Screen, Opacity 70% ஆக்குங்கள். ஓட்டுக் கோடுகளின் பிரதிபலிப்பு ஏறக்குறைய மறைந்துவிடும். ஜன்னலின் பட்டை மட்டும் நிற்கும். அது தவறல்ல. வெள்ளைக் குவார்ட்ஸில் உண்மையில் அப்படித்தான் தெரியும். பிரதிபலிப்பு தெரியவில்லையே என்று லேயரை இரட்டித்தால், மேடை தண்ணீர் ஊற்றி வைத்ததுபோல ஆகிவிடும்.

கிரைண்டர் மிதக்காமல் இருக்க

இதுவரை சரியாகச் செய்தும் கிரைண்டர் காற்றில் நிற்பதுபோலத் தோன்றும். கறுப்புக் கல்லில் நிழல் தெரியாததால் மூலப் படத்தில் நிழலே இல்லை. அதைக் கையால் வரைய வேண்டும், மூன்று அடுக்காக. முதலாவது, கிரைண்டரின் அடிக்கால் கல்லைத் தொடும் இடத்தில் 3 அல்லது 4 புள்ளி அகலத்துக்கு அடர்ந்த கோடு, Multiply, 70% அளவு. இரண்டாவது, அதைச் சுற்றி 30, 40 புள்ளி அகலத்தில் மெல்லிய இருட்டு, 30%. மூன்றாவது, ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் நீளும் பரந்த நிழல், 15%-க்கு மேல் வேண்டாம். நிழலின் நிறம் சுத்தக் கறுப்பாக இருக்கக்கூடாது. பக்கத்திலுள்ள கல்லின் நிறத்தையே இருட்டாக்கி எடுங்கள். எந்தப் பக்கம், எவ்வளவு நீளம் என்று சந்தேகம் வந்தால் தாள் படத்தைப் பாருங்கள். கிரைண்டருக்குப் பக்கத்தில் வைத்த தாளின் மேல் அந்த நிழல் விழுந்திருக்கும்.

இப்போது கெட்டில். அதன் எவர்சில்வர் வயிற்றின் கீழ்ப்பாதி மேடையைக் காட்டும் கண்ணாடி. மூலப் படத்தில் அங்கே கறுப்புக் கல் தெரிகிறது. மேடை வெள்ளையாகி, கெட்டிலில் மட்டும் கறுப்பு நின்றால், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ உறுத்தும். பிரதிபலிப்பைக் காப்பது என்றால் அதன் வடிவத்தைக் காப்பது. அதற்குள் தெரியும் பொருள் மாறியிருந்தால் நிறமும் கூட வர வேண்டும். கெட்டிலில் கறுப்பு தெரியும் பகுதிக்கு மட்டும், மேல் ஓரம் மென்மையான ஒரு மாஸ்க் போட்டு, Curves-இல் 30-ஐ 140-க்கு உயர்த்துங்கள். கெட்டிலின் அடிவிளிம்பிலுள்ள மெல்லிய இருட்டுக் கோட்டை மாஸ்கிலிருந்து விலக்கிவிடுங்கள். கெட்டிலின் வடிவம் கண்ணுக்குத் தெரிவதே அந்தக் கோட்டால்தான். கிரைண்டரின் எவர்சில்வர் பாத்திரத்துக்கும் இதே வைத்தியம், சற்றுக் குறைவாக. அடுப்பின் கறுப்புக் கண்ணாடியைத் தொட வேண்டாம். அது மேல்நோக்கி இருப்பதால் ஓட்டையும் ஹூடையும்தான் காட்டுகிறது, அவை மாறவில்லை.

பச்சைக்கும் இப்படி ஓர் இடம் உண்டு: தரை. பளபளப்பான தரை ஓட்டில் கீழ் கேபினட் க்ரீமாகப் பிரதிபலித்துக்கொண்டிருக்கும். அந்தப் பகுதிக்கு மாஸ்க் போட்டு, அதே பச்சையை Multiply-இல் 25 முதல் 35% வரை கொடுங்கள். கேபினட்டின் அடியில் சற்று அழுத்தமாகவும், கேமரா பக்கம் வர வர மெலிந்தும் போகட்டும்; பார்வை சாய்ந்த இடத்தில் பிரதிபலிப்பு அதிகம் என்று முன்பே பார்த்தோம். ஹூடின் அடிப்பக்கம் இருட்டாக இருந்திருந்தால், வெள்ளை மேடையிலிருந்து எழும் ஒளிக்காக அதை ஒரு சிறிது தூக்கலாம்.

சோதனை

மூலப் படத்தின் நகல் ஒன்றை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து மோடை Difference ஆக்குங்கள். மாறாத இடமெல்லாம் கறுப்பாகவும், மாறிய இடம் மட்டும் நிறமாகவும் தெரியும். அதன் மேல் ஒரு Levels போட்டு வெள்ளை முனையை 255-லிருந்து 10-க்குக் கொண்டுவந்தால், கண்ணுக்குத் தெரியாத கசிவும் எரிய ஆரம்பிக்கும். அடுப்பு, ஹூடின் முகப்பு, குழாய், ஓடுகள் எல்லாம் முழுக்கக் கறுப்பாக இருக்க வேண்டும். ஹூடின் ஓரத்தில் பளிச்சென்ற கோடு தெரிந்தால் கேபினட் மாஸ்க் அதன் மேல் ஏறியிருக்கிறது. ஓட்டின் அடிவரிசையில் புகைபோலத் தெரிந்தால் நிழல் பிரஷ் வெளியே வழிந்திருக்கிறது. கெட்டிலின் கீழ்ப்பாதியும் தரையும் எரியலாம். அவற்றை நாம் தெரிந்தே மாற்றினோம். ஆனால் அங்கேயும் எரியும் பகுதி கெட்டிலின் வெளிக்கோட்டுக்குள் அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு அந்த இரண்டு லேயரையும் அணைத்துவிட்டு, படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். பழகிய கண்ணுக்குத் தப்பிய நிழல் திசை உடனே தெரியும்.

வீட்டுக்காரருக்கு அனுப்பும்போது sRGB நிறவெளியில் ஜேபெக்காகச் சேமித்து, வாட்ஸ்அப்பில் புகைப்படமாக இல்லாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். புகைப்படமாகப் போனால் சுருங்கும். குவார்ட்ஸின் மெல்லிய ரேகைகள்தான் முதலில் கரையும். கூடவே மூலப் படத்தையும் அனுப்பி, லேமினேட் சாம்பிளை அந்தச் சமையலறையிலேயே திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சாம்பிளைவிடத் திரையிலுள்ள பச்சை வெளிறித் தெரிந்தால், #2F4A3E-ஐத் தொடுவதற்கு முன் திரையின் வெளிச்சத்தைக் குறைத்துப் பாருங்கள்.